171ஐப் பார்த்துப் பயந்தவர், எண்ணே இல்லாத டப்பாவைப் பார்க்கவில்லை

போன மாதம் ஒரு வீட்டு பேக்கர் என்னைப் பார்க்க வந்தார். கோவையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர், வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர், முக்கால்வாசி குழந்தைகளின் பிறந்தநாள் கேக். பேக்கரிகளுக்கும் இனிப்புக் கடைகளுக்கும் லேபிள் எழுதித் தருவதும், லேபிளில் இருப்பதுதான் பண்டத்திலும் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் என் வேலை. அவருக்கு லேபிள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கையில் ஒரு துணிப்பை, முகத்தில் கவலை.

"மேடம், ஒரு கஸ்டமர் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. ஐசிங்ல 171ன்னு ஒண்ணு இருந்தா கேன்சர் வருமாம், ஐரோப்பாவுல தடை பண்ணிட்டாங்களாம், உங்க கேக்ல அது இருக்கான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளை ஜெல் கலர். இரண்டாவது முத்து மாதிரி மினுங்கும் ஒரு பொடி. மூன்றாவது ரோஸ் கோல்டு நிறத்தில் தகதகவென்று இருந்த இன்னொரு பொடி, கட்டைவிரல் அளவு டப்பா. முதல் இரண்டைத்தான் அவர் என் பக்கம் தள்ளினார், ஏனென்றால் அவற்றில்தான் 171 என்று அச்சடித்திருந்தது. மூன்றாவதில் எந்த எண்ணும் இல்லை, அதனால் அது நல்லது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அதைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது.

சரி, வரிசையாகவே வருவோம். 171 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. நம் ஊர் லேபிளில் ஐஎன்எஸ் 171, ஐரோப்பிய லேபிளில் ஈ171, அமெரிக்க லேபிளில் பெரும்பாலும் முழுப் பெயர், அழகுசாதனப் பொருட்களில் சிஐ 77891. எல்லாம் ஒரே ஆள்தான். நிறம் என்று பார்த்தால் இதற்கு நிறமே கிடையாது, ஒளியைச் சிதறடிப்பதுதான் இதன் வேலை. ஒளியை வளைக்கும் திறன் இதற்கு வைரத்தைவிட அதிகம், சர்க்கரையும் கொழுப்பும் பக்கத்திலேயே வர முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகளாக ஐசிங்கில் கலந்தால், உள்ளே போகும் ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்பிவிடும். நம் கண்ணுக்கு அது பளீர் வெள்ளை. சுவர் பெயின்ட், பற்பசை, மாத்திரையின் மேல்பூச்சு எல்லாவற்றிலும் இதே காரணத்துக்காகத்தான் இது இருக்கிறது. உணவுக்கு வருவதற்குத் தனிச் சுத்தத் தரம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், "பெயின்ட்டைத் தின்கிறோம்" என்று மெசேஜ் அனுப்புபவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அந்த ஜெல்லை அவர் எவ்வளவு போடுகிறார் என்று கேட்டேன். அரை கிலோ பட்டர் ஐசிங்குக்கு இரண்டு டீஸ்பூன், தோராயமாக 10 கிராம். ஜெல்லில் எத்தனை சதவீதம் டைட்டானியம் என்று டப்பாவில் போடவில்லை. ஆனால் பொருட்பட்டியல் எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில்தான் எழுதப்பட வேண்டும், இதில் முதல் பெயரே 171தான், அதற்கு அப்புறம்தான் கிளிசரினும் தண்ணீரும். ஆகவே பாதி என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். 10 கிராம் ஜெல்லில் 5 கிராம் டைட்டானியம், அரை கிலோ ஐசிங்கில் அது 1 சதவீதம். அமெரிக்காவில் 1966 முதல் உணவுக்கு அனுமதித்திருக்கும் உச்சவரம்பே எடையில் 1 சதவீதம்தான். பெரிய தொழிற்சாலை கையில் அளவுக்கருவி வைத்துக்கொண்டு தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் எல்லையை, இவர் டீஸ்பூனால் தொட்டுவிட்டார். இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று ஒரு கஸ்டமர் கேட்டால் மூன்றாவது டீஸ்பூனும் விழும், அன்றைக்கு அந்த எல்லையும் போச்சு. வீட்டு அடுப்பங்கரையில் 171 விஷயத்தில் எனக்கு இருக்கும் கவலை இதுதான்: பொருளைவிட அளவு.

தடையைப் பற்றி மெசேஜ் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. பிரான்ஸ் 2020 ஜனவரியிலேயே நிறுத்தியது. 2021 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு, உணவுச் சேர்க்கையாக இதை இனிப் பாதுகாப்பானதென்று கருத முடியாது என்றது. 2022 பிப்ரவரியில் சட்டம் வந்தது, ஆகஸ்ட் வரை ஆறு மாத அவகாசம் கொடுத்து முழுதாக நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது புற்றுநோய் வரவழைக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தத் துகள்களில் ஒரு பங்கு மிக மிக நுண்ணியது, குடலிலிருந்து உறிஞ்சப்படுவது கொஞ்சம்தான் என்றாலும் உறிஞ்சப்பட்டது உடம்பில் சேர்ந்துகொண்டே போகலாம், அது மரபணுவைப் பாதிக்காது என்று நிச்சயமாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை, அதனால் இவ்வளவு சாப்பிடலாம் என்று ஓர் அளவை எங்களால் நிர்ணயிக்க முடியவில்லை என்றார்கள். அதே ஆதாரங்களைப் பார்த்துவிட்டு பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் தடை தேவையில்லை என்று முடிவெடுத்தன. ஐநா அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழுவும் 2023இல் மறுபடி ஆராய்ந்து, பழைய முடிவையே உறுதி செய்தது. நம் நாட்டிலும் ஒட்டுமொத்தத் தடை இல்லை. படித்தவர்களே இரண்டு அணியாக நிற்கிறார்கள், ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் இந்தச் சண்டை தீரப்போவதில்லை.

என் சொந்தக் கருத்து கேட்டால், சுவையும் தராத, சத்தும் தராத, கெடாமல் காக்கவும் செய்யாத, பார்வைக்கு மட்டுமேயான ஒரு பொருளில் இப்படி ஒரு சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதிலும் இவருடைய ஐசிங்குக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று தோண்டியபோது சிரிப்புதான் வந்தது. அவர் வாங்குவது மஞ்சளாக இருக்கும் உப்புப் போட்ட டேபிள் பட்டர். அதன் உறையைத் திருப்பினால் 160பி என்று இருக்கிறது, அனாட்டோ விதையிலிருந்து எடுக்கும் மஞ்சள் நிறமி. அதாவது கம்பெனி காசு செலவு செய்து மஞ்சளாக்கிய வெண்ணெயை, இவர் காசு செலவு செய்து வெள்ளையாக்கிக்கொண்டிருந்தார்.

நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பசு வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெள்ளை. தீவனத்தில் இருக்கும் கரோட்டினைப் பசு அப்படியே பாலில் விட்டுவிடும், எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிட்டுத்தான் கறக்கவே விடும். உப்பில்லாத, நிறம் சேர்க்காத வெள்ளை வெண்ணெயை எடுத்து, சர்க்கரை சேர்ப்பதற்கு முன் பீட்டரில் பத்து நிமிடம் விடாமல் அடித்தால், உள்ளே புகும் காற்றுக் குமிழிகளே ஒளியைச் சிதறடிக்க ஆரம்பித்துவிடும். டைட்டானியம் செய்யும் அதே வேலையைக் காற்று செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. இன்னும் மஞ்சள் தட்டினால் டூத்பிக் முனையில் துளி ஊதா நிறம், அவ்வளவுதான், அம்மா வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட அதே சூத்திரம். அப்படியும் காகித வெள்ளை வராது, தந்த வெள்ளைதான் வரும் என்பதை கஸ்டமரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் தடைக்கு அப்புறம் அரிசி ஸ்டார்ச்சுக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கும் மாறியவர்களுக்கும் இதே குறைதான், பழைய அந்தப் பளீர் வருவதில்லை. விப்பிங் கிரீமில் செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, தாவரக் கொழுப்பும் காற்றும் சேர்ந்து அது ஏற்கெனவே வெள்ளைதான். அதன் மேலும் வெள்ளை ஜெல் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பழக்கதோஷம்.

இரண்டாவது டப்பா, அந்த முத்துப் பொடி. பொருட்பட்டியலில் மூன்றே பெயர்கள்: பொட்டாசியம் அலுமினியம் சிலிகேட் 555, அப்புறம் 171, அப்புறம் 172. முதலாவது நம் மைக்கா, அபிரகம் என்று சொல்வோமே அதுதான், தகடு தகடாக உரியும் கனிமம். அந்தத் தகட்டின் மேல் டைட்டானியத்தை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். படலத்தின் தடிமனைப் பொறுத்து வெள்ளி மினுக்கு, நீல மினுக்கு, இளஞ்சிவப்பு மினுக்கு என்று மாறும், தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தெரியுமே அதே சங்கதி. தங்க நிறமும் செம்பு நிறமும் வேண்டுமானால் 172, அதாவது இரும்பு ஆக்சைடு. கவனிக்க வேண்டியது என்னவென்றால் தங்க நிறப் பொடியில் தங்கமும் இல்லை, வெள்ளி நிறப் பொடியில் வெள்ளியும் இல்லை. நிஜ வெள்ளி என்றால் எண் 174, நிஜத் தங்கம் என்றால் 175.

இந்தப் பொடியைத் தூரிகையில் தொட்டு ஒரு சர்க்கரைப் பூவின் விளிம்பில் தடவினால், ஒரு கேக்குக்கு ஒரு சிட்டிகையின் பாதிகூடச் செலவாகாது. வெள்ளை ஜெல்லின் 5 கிராமுக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. சாப்பிடுபவரைவிட இதில் எனக்கு கவலை தருவது தடவுகிறவர்தான். சாப்பாட்டில் வரும் டைட்டானியத்தைப் பற்றி அறிஞர்கள் இரண்டு பட்டாலும், தூளாக மூச்சில் போவதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006லேயே "சாத்தியம் உண்டு" என்கிற 2பி வகையில் வைத்துவிட்டது, எலிகளில் கண்டதை வைத்து. மூடிய அறையில், ஃபேனைப் போட்டுக்கொண்டு, ஏர்பிரஷ்ஷில் மினுக்குப் பொடி அடிக்கும் பேக்கர்கள் ஒரு மாஸ்க் போட்டுக்கொண்டால் நல்லது. மைக்கா தூளும் நுரையீரலுக்கு நண்பன் இல்லை.

இனி மூன்றாவது டப்பா. மூடியில் ரோஸ் கோல்டு என்று இருந்தது. கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் நான்-டாக்ஸிக், ஃபார் டெகரேஷன் ஒன்லி, இரண்டே வரி. பொருட்பட்டியல் இல்லை, உணவு உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை. கேக் பொருட்கள் விற்கும் கடையில்தான் வாங்கியிருக்கிறார், ஜெல் கலருக்கும் சாக்லேட் சிப்ஸுக்கும் நடுவில் அடுக்கி வைத்திருந்தார்களாம். "விஷம் இல்லைன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

விஷம் இல்லை என்பது வேறு, சாப்பிடலாம் என்பது வேறு. குழந்தைகளின் கிரேயான் பெட்டியிலும் நான்-டாக்ஸிக் என்றுதான் இருக்கும், அதைத் துருவி தோசையில் போட மாட்டோம். அலங்காரத்துக்கு மட்டும் என்பதன் அர்த்தம், சாப்பிடும் முன் கேக்கிலிருந்து எடுத்துவிடும் பொம்மைக்கும் ஸ்டாண்டுக்கும் தடவிக்கொள் என்பது. ஐசிங்கின் மேல் தடவிய பொடியை யார் எப்படி எடுப்பது?

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018இல் இதே ரோஸ் கோல்டு பொடியால் நடந்த ஒரு சம்பவத்தை அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2021இல் முழுதாக வெளியிட்டது. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பேக்கரியில் செய்த கேக், ஐசிங்கின் மேல் அடர்த்தியாகப் பளபளப் பொடி. கேக் சாப்பிட்டவர்களில் ஒரு வயது முதல் பதினோரு வயது வரையிலான ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்கு அரை மணி நேரத்திலேயே. கெட்டுப்போன கேக் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும், ஆனால் அரை மணி என்பது பெரும்பாலான கிருமிகளுக்கு ரொம்ப சீக்கிரம். சோதித்தபோது ஐசிங்கில் ஒரு கிராமுக்கு 22 மில்லிகிராம் செம்பு இருந்தது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்குமான செம்பின் உச்ச அளவு 1 மில்லிகிராம். விரலால் வழித்து நக்கிய ஒரு கிராம் ஐசிங்கில் இருபத்திரண்டு நாள் உச்ச அளவு.

இது ஏன் வாந்தியாக வருகிறது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ புளிக்குழம்பையோ வைத்தால் களிம்பு ஏறிவிடும், சாப்பிட்டால் குமட்டும், அதற்காகத்தான் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தால் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். புளிப்பு செம்பைக் கரைக்கிறது, கரைந்த செம்பு வயிற்றைப் புரட்டுகிறது. செம்பை மாவாக அரைத்துக் குழந்தையின் வயிற்றுக்குள் அனுப்பினால், உள்ளே புளியைவிடக் கடுமையான அமிலம் காத்துக்கொண்டிருக்கிறது. பாத்திரத்தில் ஒரு ராத்திரி நடப்பது அங்கே அரை மணியில் நடக்கும்.

வாந்தி வந்தாலாவது பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. அதே அறிக்கையில் மிசௌரி மாநிலத்தில் 2019இல் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை, நஞ்சான காரீயம், அதிகமாக இருந்தது, எங்கிருந்து என்று தேடிப் போனால் பிறந்தநாள் கேக்கின் மேலிருந்த பூக்கள். பூவுக்குத் தடவிய மஞ்சள் பொடியில் கால் பங்கு ஈயம். வாந்தியோ வயிற்றுவலியோ வந்து காட்டிக்கொடுக்கவில்லை, ரத்தத்தைச் சோதித்ததால் தெரிந்தது.

நம் டப்பாவுக்கு வருகிறேன். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஒன்றில் முத்துப் பொடி ஒரு சிட்டிகை, இன்னொன்றில் ரோஸ் கோல்டு ஒரு சிட்டிகை போட்டு மூடாமல் வைத்தேன். மறுநாள் காலை முதல் கிண்ணத்தில் பொடி அப்படியே அடியில் மினுங்கிக்கொண்டிருந்தது, சாற்றின் நிறம் மாறவில்லை. இரண்டாவதில் சாறு பச்சையும் நீலமுமாக, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் பார்ப்போமே அந்த நிறம். போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் பதிலே இல்லை, அப்புறம் போன் வந்தது, குரல் உடைந்திருந்தது. இரண்டு கேக்கில் அதைப் போட்டிருக்கிறார். இரண்டு வீட்டிலும் விசாரித்துவிட்டார், யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஓரத்தில் கோடு மட்டும்தான் இழுத்தாராம்.

இந்த எலுமிச்சைச் சோதனையை வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் பேசும் சோதனை. சாறு இப்படிப் பச்சையும் நீலமுமாக மாறினால் செம்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. ஈயம், காட்மியம், குரோமியம் எதையும் இது காட்டாது, மேல்பூச்சு போட்ட செம்புத் துகளும் தப்பித்துவிடும். அதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கன உலோகப் பரிசோதனைதான் வழி. அவ்வளவு செலவு செய்து நிரூபிப்பதைவிட, பொருட்பட்டியல் இல்லாத டப்பாவை வாங்காமல் இருப்பது மலிவு.

கஸ்டமர் பக்கத்திலிருந்து பார்த்தால் இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் மிட்டாயில் 171 இருந்தால் அச்சடித்தே ஆக வேண்டும், படிக்கலாம், வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகலாம். ஆர்டர் கொடுத்துச் செய்யும் கேக்கிலும், தட்டிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் இனிப்பிலும் அப்படி ஒரு பட்டியலே ஒட்டி வராது. அங்கே கேள்விதான் லேபிள். "இதுல கெமிக்கல் இருக்கா" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் இல்லை என்றுதான் சொல்வார். "மேல மினுங்குற பொடியோட டப்பாவைக் காட்டுங்க, இல்லைன்னா பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். நல்ல பேக்கர் கோபித்துக்கொள்ள மாட்டார். டப்பாவில் சாப்பிடத் தக்கது என்றும் இருக்க வேண்டும், என்னென்ன பொருள் என்றும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. சிஐ என்று ஆரம்பிக்கும் ஐந்து இலக்க எண் மட்டும் இருந்து உணவு பற்றிய பேச்சே இல்லையென்றால், அது பெரும்பாலும் சோப்புக்கோ ஐஷேடோவுக்கோ வந்த பொடி, சின்ன டப்பாவில் மாற்றி அடைத்திருப்பார்கள்.

காஜு கத்லி மேல் ஒட்டும் வெள்ளித்தாளைப் பற்றியும் கேட்டார், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிஜ வெள்ளித்தாள் 99.9 சதவீதம் வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் பொடிந்து காணாமலே போய்விடும். அலுமினியம் என்றால் துணுக்கு துணுக்காகக் கிழியும், உருட்டினால் உருண்டு நிற்கும்.

இன்னொன்று, பளபளக் கேக் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்தால் மீதிக் கேக்கைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு துண்டை ஐசிங்கோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், என்ன பொடி என்று பேக்கரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் போகும்போது முதலிலேயே சொல்லுங்கள். மினுக்குப் பொடி என்கிற வார்த்தை காதில் விழாவிட்டால் எந்த மருத்துவருக்கும் ஃபுட் பாய்சன் என்றுதான் தோன்றும்.

அந்த கஸ்டமருக்கு என்ன பதில் போடுவது என்று கடைசியில் இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். வெள்ளை ஐசிங்கில் இதுவரை 171 சேர்த்தேன், இனி சேர்க்கப்போவதில்லை, வெள்ளை கொஞ்சம் மங்கலாக இருக்கும், முத்துப் பூ வேண்டுமென்றால் அதில் மட்டும் மிகச் சிறிய அளவில் 171 இருக்கும், வேண்டாமென்றால் சொல்லுங்கள். இவ்வளவுதான். கஸ்டமர் உடனே சரி என்று சொல்லி, அடுத்த வாரத்துக்கு ஒரு கேக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார், முத்துப் பூவோடு.

ரோஸ் கோல்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க இவர் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த டப்பாவை வாங்கி, துடைத்து, இருந்த அதே தட்டில் திரும்ப வைத்தாராம். மறுநாள் இவர் மறுபடி போய், அந்தத் தட்டில் இருந்த ஒன்பது டப்பாக்களையும் பின்பக்கம் தெரியப் போட்டோ எடுத்து, கோவை பேக்கர்கள் குழுவில் போட்டிருக்கிறார். ஒன்பதில் பொருட்பட்டியல் இருந்தது நான்கில்.